பாதி உண்மை, பாதி பழி: ஒற்றை நட்சத்திர விமர்சனத்துக்குப் பதில் எழுதும் முறை

தொழில் தொடங்கிய சில மாதங்களுக்குள் எல்லாருக்கும் ஒன்று வந்து சேரும்: ஒற்றை நட்சத்திரம், அதன் கீழே நான்கு வரி வசை. எழுதியது முழுக்க உண்மை என்றால் கையாள்வது எளிது. மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்து கொடுத்துவிடலாம். முழுக்கப் பொய் என்றாலும் பெரிய சிக்கல் இல்லை. ஆளைக் குழப்புவது மூன்றாவது வகைதான். சொன்னதில் பாதி நடந்திருக்கும், மீதி நடந்திருக்காது. இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் பின்னிக் கிடக்கும். நான் பார்த்தவரையில், "அநியாயம்" என்று உரிமையாளர்கள் குமுறும் விமர்சனங்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. பொய்யான பாதி அவர்கள் கண்ணை மறைப்பதால் உண்மையான பாதி அவர்களுக்குத் தெரிவதே இல்லை. இந்த வழிகாட்டி அந்த வகை விமர்சனத்துக்கு மட்டும்.

வெறும் விதிகளாகச் சொன்னால் மனதில் நிற்காது. எனவே கற்பனையாக ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பார்ப்போம். லேப்டாப் பழுதுபார்க்கும் ஒரு சிறு நிலையம். அதன் கூகுள் பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் இப்படி எழுதுகிறார்:

> "மூன்று நாளில் தருகிறோம் என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் இழுத்தடித்தார்கள். ஒரு போன்கூட வரவில்லை. வாங்கி வந்து திறந்து பார்த்தால் என் கோப்புகள் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். போய்க் கேட்டால் அலட்சியமான பதில். திருட்டுக் கும்பல். யாரும் போகாதீர்கள்."

எழுதுவதற்கு முன்

முதலில் அந்த விமர்சனத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எழுதியவர் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நாளைக்கு அதில் வேறு குற்றச்சாட்டு முளைத்தால், முதலில் என்ன இருந்தது என்பதற்கு உங்களிடம் வேறு சான்று இருக்காது.

அடுத்து, பதில் எழுதும் பெட்டியைத் திறக்காதீர்கள். வரைவை வேறெங்காவது எழுதுங்கள். கைபேசிக் குறிப்பேடு போதும், காகிதம் இன்னும் நல்லது. இதற்குக் காரணம் உண்டு. கூகுளில் உங்கள் பதில் வெளியானதும் விமர்சனம் எழுதியவருக்கு அறிவிப்பு போகிறது. பதிலைப் பிறகு திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். ஆனால் கோபத்தில் எழுதிய முதல் வடிவத்தை அவர் அதற்குள் பார்த்திருப்பார், ஒருவேளை படமும் எடுத்து வைத்திருப்பார். அந்தப் படம்தான் அதன்பிறகு எல்லா இடத்திலும் சுற்றும்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? ஒரு இரவு கடந்தபின் எழுதுங்கள், மூன்றாவது நாளைத் தாண்ட விடாதீர்கள் என்பதே என் கணக்கு. அன்றே பறந்து எழுதும் பதிலில் சூடு இருக்கும். ஒரு மாதம் கழித்து எழுதுவதில் யாரோ வற்புறுத்தி எழுதவைத்த தொனி இருக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு: யாருக்காவது உடல்நலக் கேடோ ஆபத்தோ நேர்ந்ததாக விமர்சனம் சொன்னால் பொறுத்திருக்கக் கூடாது. அன்றே இரண்டு வரி எழுதிவிட்டு, ஆளை நேரில் தொடர்புகொள்ளுங்கள்.

யாருக்காக எழுதுகிறீர்கள்?

விமர்சனம் எழுதியவருக்காக என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அங்கேதான் பதில் தடம் மாறுகிறது. உங்கள் பதிலைப் படிக்கப்போகிறவர்களில் அவர் ஒருவர் மட்டுமே. மற்ற எல்லாரும் மூன்றாம் ஆட்கள்: இன்னும் உங்களிடம் வராதவர்கள், வரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். அந்த மூன்றாம் ஆளுக்கு நடந்தது என்ன என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஆகவே யார் சொல்வது சரி என்று அவர் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. "நாளைக்கு என் வேலையில் ஏதாவது தவறினால் இவர் என்னிடம் எப்படி நடந்துகொள்வார்?" என்ற ஒன்றைத்தான் அவர் தேடுகிறார். அதற்கான விடையை உங்கள் பதிலின் தொனியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

இப்படி எழுதுவதால் உண்மையிலேயே பலன் உண்டா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ஹோட்டல்கள் விமர்சனங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கியதும் என்ன நடக்கிறது என்று பிரோசர்பியோ, செர்வாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. விமர்சனங்களின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது. சராசரி மதிப்பீடு 0.12 நட்சத்திரம் உயர்ந்தது. கேட்பதற்குச் சிறிய உயர்வுதான். எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது இன்னொரு முடிவு: குறை சொல்லும் விமர்சனங்கள் குறைந்தன, ஆனால் வந்தவை நீளமாக இருந்தன. உரிமையாளர் படித்துப் பதில் சொல்வார் என்று தெரிந்தால், இரண்டு வரி திட்டிவிட்டுப் போகிறவர் தயங்குகிறார், உண்மையான குறை உள்ளவர் விளக்கமாக எழுதுகிறார் என்பது அவர்கள் தரும் விளக்கம். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018-இல் வெளியான வேறொரு ஆய்வு, பதில் சொல்லும் இடத்தில் குறை சொல்லும் விமர்சனங்கள் கூடுவதாகக் கண்டது. காது கொடுக்கும் இடத்தில்தானே முறையிடுவார்கள். ஆகவே பதில் எழுதத் தொடங்கியதும் நட்சத்திரங்கள் விறுவிறுவென்று ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

விமர்சனத்தைப் பிரித்துப் பாருங்கள்

இனி வேலை தொடங்குகிறது. விமர்சனத்தைச் சொற்றொடர் சொற்றொடராக வெட்டிக் காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிறகு பதிவேட்டையும் ரசீதையும் பேசிய அழைப்புகளின் பட்டியலையும் எடுத்துவைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஊழியர்களையும் கேட்க வேண்டும். "யார் செய்தது?" என்று தொடங்கினால் உண்மை வெளியே வராது. "அன்றைக்கு என்ன நடந்தது, வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வரும்.

நம் லேப்டாப் கதையில் கிடைத்தவை இவை. ஒன்பது நாள் ஆனது உண்மை. உதிரி பாகம் வரத் தாமதமாகிவிட்டது. போன் வரவில்லை என்பது சரியல்ல. ஐந்தாம் நாள் ஒருமுறை அழைத்திருக்கிறார்கள். கோப்புகளை அழித்தது பொய். லேப்டாப் வந்தபோதே ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருந்தது, கோப்புகள் மீளாமல் போகலாம் என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். புதிய டிஸ்க் போட்டு, பழையதை உறையில் வைத்துக் கொடுத்தும் அனுப்பியிருக்கிறார்கள். அலட்சியமான பதில் என்பது? "இதைத்தான் முன்பே சொன்னோமே" என்று முகப்பில் இருந்த ஊழியர் சொன்னது உண்மை. அவருக்கு அது தகவல், கேட்டவருக்கு அது அலட்சியம்.

இப்போது ஒவ்வொரு சொற்றொடருக்கும் பக்கத்தில் நான்கு குறிகளில் ஒன்றைப் போடுங்கள்: உண்மை, பொய், கருத்து, வசை. இந்த நான்கையும் நான்கு விதமாகக் கையாள வேண்டும்.

உண்மையை முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். வளைத்துச் சொல்லாதீர்கள். தன் தவறை நேராகச் சொல்லும் ஒருவர் அடுத்துச் சொல்லும் மறுப்பை மூன்றாம் ஆள் நம்புவார். எல்லாவற்றையும் மறுப்பவரின் எந்த மறுப்பும் எடுபடாது. பாதி உண்மையான விமர்சனத்தில் அந்த உண்மையான பாதிதான் உங்களுக்குக் கிடைத்த மூலதனம் என்றே சொல்வேன்.

பொய்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எதை? மூன்றாம் ஆளின் முடிவை எது மாற்றுமோ அதை. இங்கே போன் வரவில்லை என்பதும் தவறான தகவல்தான், அதற்கு அழைப்புப் பட்டியலும் சான்றாக இருக்கிறது. இருந்தும் அதைத் தொடாதீர்கள். ஒன்பது நாளில் ஒருமுறை அழைத்தோம் என்று நிரூபித்து என்ன கிடைக்கும்? ஒரே ஒருமுறைதான் அழைத்தார்கள் என்பதைத்தான் ஊருக்குச் சொல்கிறீர்கள். கோப்புகளை அழித்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்படியல்ல. தன் படங்களும் ஆவணங்களும் உள்ள கணினியை உங்களிடம் தரப்போகிற எவருக்கும் அது உறுத்தும். திருத்த வேண்டியது அது ஒன்றுதான்.

கருத்தோடு வாதாடாதீர்கள். அலட்சியமாகப் பேசினார்கள் என்று ஒருவர் உணர்ந்தால், அப்படி உணரவில்லை என்று அவரிடம் நீங்கள் நிரூபிக்க முடியாது.

வசையைத் தொடவே வேண்டாம். "திருட்டுக் கும்பல் என்று சொல்வது வேதனை அளிக்கிறது" என்று எழுதினால், விமர்சனத்தின் மூலையில் கிடந்த சொல்லை உங்கள் பதிலின் நடுவுக்கு நீங்களே கொண்டுவருகிறீர்கள். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். "என் லேப்டாப்பில் இருந்த நினைவகத்தை எடுத்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தால் அது வசை அல்ல, குறிப்பான குற்றச்சாட்டு. அதைச் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும், பதிலும் சொல்லியாக வேண்டும்.

வாடிக்கையாளரின் விவரங்களை வெளியே போடாதீர்கள்

அடக்கமாகப் பதில் எழுதத் தெரிந்தவர்கள்கூட இங்கேதான் சறுக்குகிறார்கள். கையில் சான்று இருக்கிறது, கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கிறது. "இன்ன தேதியில் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள், உங்கள் டிஸ்க்கில் இன்ன கோளாறு இருந்தது" என்று எழுதக் கை துறுதுறுக்கும். அதைப் படிக்கும் மூன்றாம் ஆளுக்கு நீங்கள் சொல்வது உண்மை என்று தோன்றலாம். கூடவே இன்னொன்றும் தோன்றும்: நாளைக்கு இவரோடு எனக்குச் சண்டை வந்தால் என் விவரங்களையும் இப்படித்தான் கடை விரிப்பார்.

சில தொழில்களில் இது சட்ட மீறலாகவே ஆகிவிடும். 2019-இல் அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவமனை, இணையத்தில் வந்த விமர்சனத்துக்குப் பதில் எழுதும்போது நோயாளியின் பெயரையும் சிகிச்சை விவரத்தையும் வெளியிட்டதற்காக 10,000 டாலர் கட்டிச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களில், எழுதியவர் உங்களிடம் வந்தவர்தான் என்று உறுதிசெய்வதுகூட ஆபத்து. அப்படிப்பட்டவர்கள் பொதுவான இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டு, மீதியைத் தனியாகப் பேசுவதே நல்லது.

மற்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அவரைப் பற்றிச் சொல்லாமல் உங்கள் வழக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். "நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்" என்பதற்குப் பதிலாக, "பழுதான டிஸ்க்கோடு வரும் லேப்டாப்புகளுக்கு, வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்குகிறோம்" என்று எழுதலாம். செய்தி போய்ச்சேர்ந்துவிடும், யாரையும் பொய்யர் என்று சொன்னதாகவும் ஆகாது. அந்த வழக்கம் உண்மையிலேயே உங்களிடம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இல்லாத வழக்கத்தை எழுதினால் அடுத்த வாடிக்கையாளரே அதை உடைத்துவிடுவார்.

மூன்று வரைவுகள்

முதல் வரைவு இப்படித்தான் வரும்:

> "நீங்கள் சொல்வது அப்பட்டமான பொய். ஐந்தாம் நாளே உங்களை அழைத்தோம், ஆதாரம் இருக்கிறது. டிஸ்க் முதலிலேயே போயிருந்தது, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது மாற்றிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு நூற்றுக்கணக்கான நல்ல வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவதூறு பரப்பினால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்."

இதில் உள்ள தகவல்கள் எல்லாம் உண்மை என்பதைக் கவனியுங்கள். இருந்தும் படிப்பவர் விமர்சகர் பக்கம்தான் சாய்வார். ஒன்பது நாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதோடு, அலட்சியமாகப் பேசுவார்கள் என்ற புகாருக்கு இந்தப் பதிலே சான்றாகிவிட்டது.

இதற்குப் பயந்து வேறு சிலர் எதிர்முனைக்குப் போய்விடுகிறார்கள்:

> "தங்கள் மேலான கருத்துக்கு மிக்க நன்றி. தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள். எங்கள் குழு தங்களை விரைவில் தொடர்புகொள்ளும்."

எனக்கு முதல் வரைவைவிட இதுதான் எரிச்சல் தருகிறது. முதலாமவர் விமர்சனத்தைப் படித்தாவது இருக்கிறார். இந்த நான்கு வாக்கியங்களை எந்தக் கடையின் எந்த விமர்சனத்துக்குக் கீழேயும் ஒட்டலாம். "ஏற்பட்டிருந்தால்" என்ற சொல்லே, ஏற்படவில்லை என்று நாங்கள் நினைக்கிறோம் என்று சொல்லிவிடுகிறது. இதையே பத்து விமர்சனங்களின் கீழ் வரிசையாகப் பார்க்கும் ஒருவர், இங்கே ஆள் யாரும் இல்லை என்ற முடிவுக்கு வருவார்.

வெளியிட வேண்டியது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

> "வணக்கம். மூன்று நாளில் தருகிறோம் என்று சொல்லி ஒன்பது நாள் காக்கவைத்தது எங்கள் தவறு. உதிரி பாகம் வரத் தாமதமானதை அவ்வப்போது உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும்; அதைச் சரியாகச் செய்யவில்லை. மன்னியுங்கள்.
>
> கோப்புகளைப் பற்றி ஒரு விளக்கம். பழுதான ஹார்ட் டிஸ்க்கோடு வரும் லேப்டாப்புகளில் கோப்புகள் மீளாமல் போகக்கூடும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் தெரிவிக்கிறோம். பழைய டிஸ்க்கில் எதையும் அழிப்பதில்லை, அதை உரியவரிடமே திருப்பித் தருகிறோம். உங்கள் பழைய டிஸ்க் இருந்தால் தயவுசெய்து அதை எந்தக் கணினியிலும் இணைக்காதீர்கள். இணைக்க இணைக்கச் சேதம் கூடும். எங்களிடம் கொண்டுவந்தால் எதையாவது மீட்க முடியுமா என்று கட்டணமில்லாமல் பார்த்துச் சொல்கிறேன்.
>
> ரசீதில் உள்ள எண்ணில் அழைத்து என்னையே கேளுங்கள். — உரிமையாளர்"

முதல் வாக்கியம் அவர் சொன்ன எண்களையே திருப்பிச் சொல்கிறது. படித்திருக்கிறோம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. உதிரி பாகத் தாமதம் காரணமாக வருகிறது, ஆனால் சாக்காக வரவில்லை. தாமதத்துக்கும் அதைத் தெரிவிக்காமல் விட்டதற்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்கிறோம். "மன்னியுங்கள்" என்ற சொல்லோடு பத்தி முடிந்துவிடுகிறது என்பதையும் பாருங்கள். அதற்குப் பின்னால் "ஆனால்" என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் மன்னிப்பு செல்லாததாகிவிடும். மறுப்பு இரண்டாம் பத்தியில், தனியாக, வழக்கத்தின் வடிவில் வருகிறது. "பொய்" என்ற சொல் எங்கும் இல்லை.

பழைய டிஸ்க்கை இணைக்காதீர்கள் என்ற அறிவுரைதான் இந்தப் பதிலிலேயே அதிக வேலை செய்யும் வரி என்பது என் எண்ணம். பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை ஓடவிட ஓடவிட மீட்கக்கூடியதும் போய்விடும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது. தன்னைத் திட்டியவரின் கோப்புகளைப் பற்றி ஒருவர் கவலைப்படுவதையும், அவருக்குத் தொழில் தெரிந்திருப்பதையும் மூன்றாம் ஆள் ஒரே வரியில் பார்த்துவிடுகிறார். உங்கள் தொழிலில் இதற்கு ஈடான ஒரு வரி நிச்சயம் இருக்கும். தேடி எடுத்து எழுதுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இனிமேல் இப்படி நடக்காது என்று எழுதுவதாக இருந்தால், அதற்கான மாற்றத்தை முதலில் செய்துவிடுங்கள். "சொன்ன நாள் தாண்டினால் மறுநாள் காலையிலேயே செய்தி அனுப்புகிறோம்" என்று எழுதலாம், அது உண்மையிலேயே தொடங்கிவிட்டது என்றால். அடுத்து, பணத்தைத் திருப்பித் தருவதாக இருந்தால் அதைப் பொதுவில் எழுத வேண்டாம், தனியாகப் பேசுங்கள். அப்படிப் பேசும்போது, விமர்சனத்தை நீக்கினால் பணம் அல்லது தள்ளுபடி என்று எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள். குறை சொல்லும் விமர்சனத்தை மாற்றவோ நீக்கவோ சலுகை தருவது கூகுள் விதிகளுக்கு எதிரானது. அந்தப் பேரத்தின் ஸ்கிரீன்ஷாட் அடுத்த விமர்சனமாக வரவும் கூடும்.

புகார் கொடுத்தால் நீக்குவார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். கூகுளில் உரிமையாளரால் விமர்சனத்தை நீக்க முடியாது. விதிமீறல் என்று புகார் செய்யத்தான் முடியும். வாடிக்கையாளர் சொல்வது சரியா, கடைக்காரர் சொல்வது சரியா என்ற வழக்கில் கூகுள் தலையிடுவதில்லை. எனவே நம் லேப்டாப் விமர்சனத்தின்மேல் "கோப்புகளை நாங்கள் அழிக்கவில்லை" என்று புகார் செய்வது வீண்.

புகார் எடுபடக்கூடிய இடங்கள் வேறு: போட்டியாளரோ முன்னாள் ஊழியரோ எழுதியது, வெறுப்புப் பேச்சு, மிரட்டல், ஒருவரின் தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவது, உங்கள் தொழிலோடு தொடர்பே இல்லாத பேச்சு. புகார் செய்யும்போது எந்த விதி மீறப்பட்டது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மறுத்துவிட்டால் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம்.

அதற்கிடையில் சும்மா இருக்க வேண்டாம், பதிலும் எழுதுங்கள். எழுதியவர் உங்களிடம் வந்ததே இல்லை என்று சந்தேகப்பட்டால், முதலில் பதிவேட்டை நன்றாகப் புரட்டுங்கள். ரசீது ஒரு பெயரிலும் இணையக் கணக்கு வேறு பெயரிலும் இருப்பது சாதாரணம். கணவர் கொடுத்த லேப்டாப்பைப் பற்றி மனைவி எழுதியிருக்கலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் "போலி விமர்சனம்" என்று அறிவிக்காமல் கேள்வியாக எழுதுங்கள்: "இந்த விவரத்தோடு பொருந்தும் பதிவு எங்களிடம் கிடைக்கவில்லை. வேறு பெயரில் கொடுத்திருந்தால் ரசீது எண்ணோடு எங்களை அழையுங்கள், பார்த்துச் சொல்கிறோம்." உண்மையான வாடிக்கையாளர் என்றால் அழைப்பார். போலி என்றால் அந்தக் கேள்வி விடையில்லாமல் அங்கேயே நிற்கும், படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வெளியிட்ட பிறகு

கூகுளில் ஒரு விமர்சனத்துக்கு உரிமையாளரின் பதில் ஒன்றுதான். சமூக வலைத்தளக் கருத்துகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் அங்கே சண்டை நீளும். அவர் திரும்ப எழுதினால், புதிய தகவல் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் இன்னொரு பதில், இல்லாவிட்டால் மௌனம். இரண்டுக்கு மேல் போனால் நீங்கள் சொல்வது எவ்வளவு நியாயமாக இருந்தாலும் வம்பாகவே தெரியும். கருத்தை அழித்துவிடலாமே என்று தோன்றும். ஆபாசம், மிரட்டல், யாருடைய தொலைபேசி எண்ணாவது இருந்தால் அழியுங்கள். வெறும் குறையை அழித்தால், "என் கருத்தை அழித்துவிட்டார்கள்" என்று இரு மடங்கு கோபத்தோடு திரும்பி வருவார்.

நண்பர்களையும் ஊழியர்களையும் கொண்டு ஐந்து நட்சத்திரங்களைக் கொட்டச் சொல்லாதீர்கள். கசப்பான விமர்சனம் வந்த அதே வாரத்தில், வேறெதற்கும் விமர்சனம் எழுதியிராத ஆறு கணக்குகளிலிருந்து "அருமையான சேவை" என்று வந்தால், சாதாரண வாசகருக்கும் புரிந்துவிடும். நல்ல விமர்சனங்களைப் பெற நேர்மையான வழி, வேலை முடிந்த எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரே மாதிரி கேட்பதுதான். திருப்தியோடு போகிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதையும் கூகுள் விதிகள் தடைசெய்கின்றன.

விமர்சகர் அழைத்தால், முதல் சில நிமிடங்கள் குறுக்கிடாமல் கேளுங்கள். அவருடைய பிரச்சினை கோப்புகளாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முகப்பில் கேட்ட "முன்பே சொன்னோமே" என்ற அந்த ஒரு வாக்கியம்தான் அவரை எழுதவைத்ததாக இருக்கலாம். டிஸ்க்கைக் கொண்டுவந்தால் சொன்னபடி பாருங்கள். ஒன்றும் மீளவில்லை என்றாலும், என்ன செய்து பார்த்தீர்கள் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். விமர்சனத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். சிலர் தாமாகவே மாற்றுவார்கள், பலர் மாற்றமாட்டார்கள்; இரண்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் மாற்றிவிட்டால் உங்களுக்கு ஒரு சிறு வேலை மிச்சமிருக்கிறது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். விமர்சனம் மாறினாலும் அதன் கீழே உங்கள் பழைய பதில் அப்படியே நிற்கும். மேலே "பழைய டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டுக் கொடுத்தார்கள், நன்றி" என்று நான்கு நட்சத்திரத்தோடு இருக்க, கீழே ஒன்பது நாள் காக்கவைத்ததற்கான மன்னிப்பும் டிஸ்க்கை இணைக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாகப் படிப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆகவே மாற்றம் வந்த அன்றே உங்கள் பதிலையும் திருத்துங்கள். தாமதத்துக்குக் கேட்ட மன்னிப்பை ஒரு வரியாகச் சுருக்கி வைத்துக்கொண்டு, கோப்புகளைப் பற்றிய விளக்கப் பத்தியை எடுத்துவிட்டு, திரும்பி வந்து பார்த்ததற்கு நன்றி சொல்லி முடித்தால் போதும்.